புற்றுநோய் மருந்தும் பிட்யூட்டரி வீக்கமும்

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு இபிலிமுமாப் ஊசி போட்டுக்கொள்பவர், இரண்டு மூன்று மாதங்களில் ஓயாத தலைவலி, எழுந்து நிற்க முடியாத அசதி என்று வருகிறார். புற்றுநோயின் களைப்புதானே என்று விட்டுவிடக் கூடாது. எதிர்ப்பு அணுக்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்து இது. அவை சில சமயம் மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் தாக்குகின்றன.

ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறது. காலை எட்டு மணி கார்டிசோலும் மிகக் குறைவு. அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோனும் உயரவில்லை. அப்படியானால் கோளாறு அட்ரினலில் இல்லை, பிட்யூட்டரியில். தைராய்டு ஹார்மோனும் குறைந்திருக்கும். அதற்கான மாத்திரையை முதலில் கொடுத்தால் இருக்கும் கொஞ்சநஞ்ச கார்டிசோலும் வேகமாகக் கரைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஹைட்ரோகார்டிசோன்தான் முதலில்.

இதனால்தான் சிகிச்சைக்கு முன்பும், பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறையும் தைராய்டு, சோடியம் அளவுகளைப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் கார்டிசோலையும். கார்டிசோல் சுரப்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. மாத்திரை ஆயுள் முழுக்க. ஆனால் உடல்நிலை சீரானதும் புற்றுநோய் சிகிச்சையைப் பெரும்பாலும் தொடரலாம். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி மாத்திரை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட்டாக வேண்டும்.