பெருமம்தானா? பார்த்துவிடுங்கள்

18 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை. நான்கு மூலைகளிலும் x செ.மீ. சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாத பெட்டி. அதன் கன அளவு V = x(18 − 2x)². எந்த x-க்கு அது மிக அதிகம்?

மாணவர் வகைக்கெழுவைப் பூச்சியமாக்குகிறார்: 12(x − 3)(x − 9) = 0. உடனே “x = 3, பெருமம் 432” என்று எழுதி முடித்துவிடுகிறார். விடை சரி, ஆனால் நிரூபணம் பாதியில் நிற்கிறது. வகைக்கெழு பூச்சியமானால் வளைவு அங்கே கிடையாக இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அது மேடா பள்ளமா என்பது தெரியாது. x = 9 என்ற இடத்திலும் அது பூச்சியம்தான், ஆனால் அங்கே அட்டை முழுவதும் வெட்டுப்பட்டுப் பெட்டியே மிஞ்சாது!

இரண்டாம் வகைக்கெழு 24x − 144. x = 3 எனில் −72; குறை எண், ஆகவே பெருமம். x = 9 எனில் +72, சிறுமம்.

இது அக்கம்பக்கத்துக்கு மட்டுமான உறுதி. x-இன் எல்லைகளான 0, 9 இரண்டிலும் கன அளவு பூச்சியம் என்று ஒரு வரி சேர்த்தால்தான் 432 க.செ.மீ. முழு இடைவெளிக்கும் பெருமமாகிறது.