வாத்தியார் பெயரில் ஓர் உதவித்தொகை

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவருக்குப் பழைய மாணவர்கள் நன்றி செலுத்த நினைக்கிறார்கள். 5 லட்சம் ரூபாய் சேர்ந்துவிட்டது. ஆசிரியர் பெயரை எடுத்துக்காட்டுக்காக ச. வேலாயுதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்தில் எழுதப்படும் பெயர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘கல்வித் தந்தை நல்லாசிரியர் உயர்திரு ச. வேலாயுதம் எம்.ஏ., பி.எட். நினைவு ஏழை மாணவர் பிளஸ் டூ கல்வி உதவித்தொகை அறக்கட்டளை.’

ஒவ்வொரு சொல்லும் அன்பில் வந்ததுதான். ஆனால் மேடையில் ஒரே மூச்சில் படிக்க முடியாத பெயரை ஊர் தானே சுருக்கிவிடும். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது ஆசிரியரின் பெயராகவும் இருக்கலாம். அதனால் சுருக்குவதை நாமே செய்துவிடுவது நல்லது.

முதலில் நீக்க வேண்டியது ‘நினைவு’. ஆசிரியர் நலமாக இருக்கிறார். விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறார். தமிழில் ‘நினைவுப் பரிசு’, ‘நினைவு நிதி’ என்று ஒருவர் பெயரோடு சேர்த்தால், அவர் மறைந்துவிட்டார் என்றே கேட்பவர் நினைப்பார். அந்தச் சொல் இல்லாத பெயர் அவர் இருக்கும்போதும் பொருந்தும், அவருக்குப் பிறகும் மாற்றாமல் நிற்கும்.

அடுத்து பட்டங்கள். ‘கல்வித் தந்தை’ என்பதை நாம் கல்லூரி நிறுவியவர்களுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதை மக்கள் நல்லாசிரியர் விருது என்றே சொல்கிறார்கள். அதைப் பெறாதவர் பெயருக்கு முன் ‘நல்லாசிரியர்’ என்று போட்டால் அவருக்கே கூச்சமாக இருக்கும். ‘தலைமை ஆசிரியர்’ என்பதும் வேண்டாம். அது சில ஆண்டுகள் வகித்த பதவி. ‘ஆசிரியர்’ என்பது வாழ்நாள் முழுவதும் அவரோடு இருப்பது. அந்த ஒரு சொல் போதும்.

பெயரை எப்படி எழுதுவது என்பதை அவரிடமே கேட்க வேண்டும். ‘ச.’வா, ‘எஸ்.’ஸா? அவர் கையெழுத்தில் எப்படி இருக்கிறதோ அதுவே சரி. ஆங்கில எழுத்துக் கூட்டலையும் அன்றே முடிவுசெய்துவிட வேண்டும். ரசீதில் ஒரு விதமாகவும் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தால், பின்னாளில் அந்தச் சான்றிதழைக் காட்டும் மாணவிதான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

‘பிளஸ் டூ’வையும் எடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது பி.யு.சி. மறைந்தது. அதற்கு முன் ‘பி.யு.சி. பரிசு’ என்று ஒருவர் வைத்திருந்தால், இன்று அது எந்த வகுப்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். வகுப்பு, தொகை, மதிப்பெண் போன்றவை காலத்தோடு மாறுபவை. அவற்றுக்கு உரிய இடம் விதிகள் எழுதிய தாள்.

‘ஏழை’ என்ற சொல்லும் அந்தத் தாளோடு நிற்க வேண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்றாலும், வகுப்புத் தோழர்கள் முன்னால் அந்தப் பிள்ளையின் வறுமையை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதில்லை. ‘உதவித்தொகை’ என்றாலே தேவை பார்த்துத் தருவது என்று புரிந்துவிடும். மதிப்பெண்ணுக்கு மட்டும் தருவதானால் ‘பரிசு’ என்பதே நேர்மையான சொல்.

கடைசியில் ‘அறக்கட்டளை’. பலர் இதைக் கம்பீரத்துக்காகச் சேர்க்கிறார்கள். ஆனால் அறக்கட்டளை என்றால் பத்திரம், அறங்காவலர்கள், வங்கிக் கணக்கு, வரவு செலவுத் தணிக்கை எல்லாம் இருக்கும் என்று மக்கள் எதிர்பார்ப்பார்கள். பதிவுசெய்யும் எண்ணம் இல்லையென்றால் அந்தச் சொல்லைத் தொடக்கூடாது.

மிஞ்சுவது: ‘ஆசிரியர் ச. வேலாயுதம் கல்வி உதவித்தொகை.’ ஒரே மூச்சில் சொல்லலாம். கல்வெட்டில் ஒரே வரியில் அடங்கும்.

இந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால் முதலில் கை வைக்கக்கூடாது. 5 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி கிடைக்கிறது என்று கொண்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். இரண்டு பேருக்கு ஆளுக்கு 14,000 கொடுத்துவிட்டு மீதி 7,000த்தை முதலோடு சேர்த்தால், நிதி ஆண்டுதோறும் கொஞ்சம் வளரும். ஆனால் விலைவாசி அதைவிட வேகமாக ஏறும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மாணவர்கள் மறுபடியும் நன்கொடை திரட்டினால்தான் 14,000 என்பது ஒரு பிள்ளைக்கு உண்மையான உதவியாக இருக்கும். இல்லையென்றால் தொகை பெயரளவுக்கு ஆகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்தாண்டு கழித்து, ஆசிரியரைப் பார்த்தே இராத ஒரு மாணவி வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறாள். தான் பெற்றவற்றின் பட்டியலில் இந்தப் பெயரைச் சுருக்காமல், தயங்காமல் அவளால் எழுத முடியுமா? முடியும் என்றால் கல்வெட்டுக்குச் சொல்லிவிடலாம்.