ஊறாத மாவும் ஓடிப்போன மாவும்

பரோட்டாக் கடையில் புதிதாகச் சேரும் பையனை முதல் வாரத்தில் யாரும் பரோட்டா போட விடுவதில்லை. மதுரையிலிருந்து விருதுநகர் போகும் நான்கு வழிச்சாலையோரம் உள்ள ஓர் ஓட்டலில் சேர்ந்த 19 வயது இளைஞனுக்கும் வெங்காயம் உரிப்பதுதான் முதல் வேலை. அப்புறம் எண்ணெய் டின் தூக்கி வருவது, கல்லைச் சுரண்டித் துடைப்பது, சால்னாச் சட்டிக்குத் தேங்காய் அரைத்துக் கொடுப்பது. மாஸ்டர் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "டேய்" என்று ஒரு சத்தம் வந்தால் அது தனக்குத்தான் என்று அவன் புரிந்துகொண்டான்.

மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். 11 வயதில் அடுப்படிக்கு வந்தவர். ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இப்படி வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு யாரும் காரணம் சொல்லித் தரவில்லை; தப்புச் செய்தால் அடி விழுந்தது, சரியாகச் செய்தால் ஒன்றும் விழவில்லை. இந்த மாஸ்டருக்குத் தெரிந்த பாடமுறையும் அதுவே. கைக்கு வந்த வித்தையை வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. சொல்ல வராதபோது கோபம் வருகிறது. அந்த முதல் வாரத்தில் அவர் திட்டியதில் பெரும்பகுதி இரண்டே வார்த்தைக்குள் அடங்கிவிடும்: "ஊறல", "ஓடிருச்சு". அந்த இரண்டுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பரோட்டாத் தொழிலில் பாதி புரிந்துவிடும்.

மூன்றாம் நாள் மதியம்தான் பையனுக்கு மாவில் கை வைக்க அனுமதி கிடைத்தது. 10 கிலோ மைதா. ஒரு கைப்பிடிக்கு மேல் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, அரை லிட்டர் எண்ணெய். உப்பையும் சர்க்கரையையும் முதலில் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். மாவில் நேரடியாகப் போட்டால் ஒரு பக்கம் கரிக்கும், ஒரு பக்கம் சப்பென்று இருக்கும். தண்ணீர் ஏறக்குறைய ஐந்தரை லிட்டர். இந்த 'ஏறக்குறைய'யில்தான் எல்லா வம்பும் இருக்கிறது. ஒரு மூட்டை மைதா குடிக்கும் தண்ணீரை அடுத்த மூட்டை குடிக்காது. கோதுமையின் ரகம், அரைத்த விதம், மூட்டை இருந்த இடத்தின் ஈரம் எல்லாம் சேர்ந்து அந்த அளவைத் தீர்மானிக்கின்றன. பையன் முந்தின இரண்டு நாளும் மாஸ்டர் ஊற்றியதை ஓரக்கண்ணால் பார்த்து, குவளைக் கணக்கை மனதில் வைத்திருந்தான். அதே கணக்கில் ஊற்றினான். அன்று பிரித்தது புது மூட்டை.

பிசைந்து முடித்தபோது மாவு கையில் ஒட்டியது. இன்னும் பிசைந்தால் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். தண்ணீர் கூடிப்போன மாவு ஓரளவுக்கு மேல் பிசைவதால் இறுகாது. மாஸ்டர் வந்து ஒரு விரலால் அழுத்தினார். அழுத்திய குழி மெதுவாக மேலே வரவேண்டும். தொட்டால் காது மடலைத் தொட்டது போல மெத்தென்று இருக்க வேண்டும். இந்த மாவில் குழி அப்படியே நின்றது. "ஓடிருச்சுடா. ஊத்துறப்ப கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார். இன்னும் சில வார்த்தைகளும் வந்தன; இங்கே எழுத வேண்டியதில்லை. காய்ந்த மைதாவைத் தூவித் தூவி அவரே மறுபடி பிசைந்தார். மாவு தேறிவிட்டது. போனது நேரம்.

அந்த நேரம் ஏன் அத்தனை பெரிய விஷயம்? மைதாவில் தண்ணீர் பட்டதும் கோதுமையின் இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. ஒரு புரதம் மாவுக்கு இழுத்தால் திரும்பிச் சுருங்கும் விறைப்பைத் தருகிறது. இன்னொன்று நீண்டு கொடுக்கும் தன்மையைத் தருகிறது. பிசையப் பிசைய விறைப்பு ஏறும். பிசைந்த கையோடு மாவை வீசினால் விரிந்த வேகத்தில் சுருங்கும், மேலும் இழுத்தால் கிழியும். அப்படியே மூடி வைத்தால் அந்த வலை மெல்லத் தளர்கிறது, மாவு இழுத்த இழுப்புக்கு வருகிறது. இதைத்தான் சமையலறையில் ஊறுவது என்கிறார்கள். மொத்த மாவாக ஒரு மணி நேரம், உருண்டை பிடித்து எண்ணெயில் அமிழ்த்தி இன்னொரு மணி நேரம் என்பது இந்த ஓட்டலின் கணக்கு. எண்ணெய்க்கு அங்கே ஒரு வேலை உண்டு. காற்றுப் பட்டால் உருண்டையின் மேலே தோல் கட்டிவிடும், வீசும்போது கிழிசல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். எண்ணெய் அந்தத் தோலைக் கட்டவிடாது.

மூன்று மணிக்குப் பிசைந்தால் ஆறு மணிக்கு உருண்டை தயாராக இருக்கும். அன்று மாவு சரியானபோதே நாலரை ஆகிவிட்டது. 80 கிராம் வீதம் பிடித்தால் 10 கிலோ மைதாவுக்கு ஏறக்குறைய 200 உருண்டை. பிடித்து முடிக்கவே ஆறு தாண்டிவிட்டது. ஏழு மணிக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகிற வேன்களும் லாரிகளும் ஒவ்வொன்றாக ஒதுங்க ஆரம்பித்தன. சப்ளையர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பரோட்டா நாலு செட், கொத்து ரெண்டு, ஒரு முட்டை வீச்சு!" மாஸ்டர் முதல் உருண்டையை எடுத்து வீசினார். சுருங்கியது. இரண்டாவது கிழிந்தது. "ஊறல" என்றார். பையன் பக்கம் திரும்பவே இல்லை. அன்று முழுக்க அவர் மாவை மெல்லியதாக விரிக்காமல், கனமாகவே சுற்றிக் கல்லில் போட்டார். அடுக்குகள் குறைவான, சற்று ரப்பர் போன்ற பரோட்டா. இரண்டு மேசைக்காரர்கள் பாதியை இலையிலேயே விட்டுப் போனார்கள்.

கிழிசல் ஒன்றுதான், நோய் இரண்டு. இழுக்கும்போது எதிர்த்துச் சுருங்கிவிட்டுக் கிழிந்தால் மாவு ஊறவில்லை. அதற்கு மருந்து காத்திருப்பது. எதிர்ப்பே இல்லாமல் தொய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது வெயில் காலத்தில் மாவு அளவுக்கு மீறி ஊறித் தளர்ந்துவிட்டது. அதற்கு காத்திருப்பதே விஷம். கோடையில் ஐஸ் தண்ணீர் கலந்து பிசையும் மாஸ்டர்கள் இதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். இந்த வித்தியாசத்தை அமைதியாக இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் பையனுக்கு அன்று விளங்கியிருக்கும். கூட்டம் இருக்கும்போது அது முடியாது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். 200 உருண்டைக்கும் ஒருவர்தான் பொறுப்பு, கல்லில் எட்டு பரோட்டா வெந்துகொண்டிருக்கிறது, அந்த வேளையில் குட்டையான, கூர்மையான சொல்தான் வரும். ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை காலியாக இருக்கிறதே? அப்போதும் சொல்லாமல் இருப்பதற்குக் கூட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. நான்காம் நாள் இரவு, பரோட்டாவைத் திருப்பத் தாமதித்ததற்காகச் சூடான சட்டுவத்தின் காம்பால் பையனின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாரே, அது கண்டிப்பாகப் பாடம் இல்லை. அதிலிருந்து பையன் கற்றது ஒன்றே: கல்லுக்கு எட்ட நிற்பது. கல்லைப் பக்கத்தில் நின்று பார்க்காதவனுக்குச் சூடு பிடிபடாது. கல் அதிகம் காய்ந்திருந்தால் பரோட்டாவின் வெளிப்பக்கம் சிவந்துவிடும், உள் அடுக்கில் பச்சை மாவு தங்கும். சூடு போதாவிட்டால் வேகும் முன்பே காய்ந்து வறட்டி போலாகும்.

அதே மாஸ்டர் ஐந்தாம் நாள் காலை வேறு மாதிரி ஒரு காரியம் செய்தார். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து பையனிடம் எறிந்தார். "இத வீசு." வீச்சுக்கு இது நல்ல பயிற்சி; மாவு வீணாகாது, ஈரத்துணிக்கு மாவின் கனமும் தொய்வும் ஓரளவு வரும். வலது கை இழுக்கும், இடது கை தாங்கும், எண்ணெய் தடவிய மேடையில் அறையும்போது அடியில் காற்று புகுந்து மாவை விரிக்கும். பையன் கை முழுவதையும் சுழற்றினான். "தோள வச்சு வீசாத, மணிக்கட்டு" என்று மாஸ்டர் அவன் தோளை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். அந்த வாரத்தில் அவர் காட்டிய பொறுமை முழுவதும் அந்த அரை மணியில் இருந்தது. பிறகு ஓர் உருண்டையை வீசி, மேடையில் விரித்துக் காட்டினார். மாவின் வழியே கல் மேடையின் புள்ளிகள் தெரிந்தன. ஓரத்தை மட்டும் கிள்ளிக் காட்டி, "இங்கதான் எல்லாரும் தோத்துப் போறான்" என்றார். நடு மெலிந்து ஓரம் தடித்திருந்தால், சுற்றிய பிறகு அந்தத் தடிப்பு ஒரு வேகாத கயிறாகப் பரோட்டாவுக்குள் கிடக்கும். கடைசி இழுப்பு ஓரத்துக்கானது.

பரோட்டாவை அடிப்பதில்தான் கை பழுக்கிறது. கல்லிலிருந்து எடுத்த நாலைந்தை அடுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அறைந்தால் அடுக்குகள் பிரிந்து பூவாக நிற்கும். உள்ளே ஆவி இருக்கும்போதே அடிக்க வேண்டும். ஆறிய பரோட்டா நொறுங்கும், பிரியாது. ஆறாம் நாள் பையனின் இரண்டு விரலில் கொப்புளம். பக்கத்தில் இருந்தவர் பற்பசையை நீட்டினார், இன்னொருவர் மைதாவைத் தடவச் சொன்னார். இரண்டும் தவறு. சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் சரியான முதலுதவி. கொப்புளத்தை உடைக்கக் கூடாது, ஐஸ் கட்டியை நேராக வைக்கவும் கூடாது. கூட்ட நேரத்தில் 20 நிமிடம் எந்த அடுப்படியும் ஒருவனை விடாது என்பது உண்மை. முதலாளி பார்த்து விடவைக்க வேண்டிய விஷயம் இது. மாஸ்டர் தன் உள்ளங்கையைக் காட்டி, "எனக்குத் தோலே மரத்துப் போச்சு" என்றார். மரத்துப்போன தோலைத் தொழிலின் தகுதியாக நினைப்பது இந்த அடுப்படிகளில் சாதாரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூட்டை உணராத கைக்குக் காயமும் தெரியாது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் இரட்டிப்பு. பையனுக்குக் கிடைத்த வேலை சுற்றுவது: வீசி விரித்த மாவைக் கொசுவி, நாடாவாக நீட்டி, வட்டமாகச் சுருட்டி, வாலை அடியில் செருகுவது. முதலில் இறுக்கிச் சுற்றினான். இறுக்கினால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், அடித்தாலும் பிரியாது. எட்டு மணிக்குள் அவனாகவே அதைக் கண்டுபிடித்துத் தளர விட்டான். மாஸ்டர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. திட்டு மட்டும் நின்றிருந்தது. இரவு பதினொன்றரைக்குக் கல்லை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அஞ்சு கிலோ நீ பிசை. புது மூட்டைதான். தண்ணிய ஒரே தடவையா கொட்டாத, முக்கால் பங்கு ஊத்திட்டு மாவத் தொட்டுப் பாரு. அப்புறம் ஊத்து."