மீன் குழம்பும் பார்கின்சன் மாத்திரையும்

பார்கின்சன் நோயில் மூளைக்குப் போதாமல் போவது டோபமின் என்ற வேதிப்பொருள். நடுமூளையில் அதைச் சுரக்கும் செல்கள் சாகச் சாக நடை சுருங்குகிறது, கை நடுங்குகிறது, முகம் இறுகுகிறது, சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆகிறது. குறைவது டோபமின் என்றால் அதையே கொடுத்துவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். டோபமின் மருந்தாகவே இருக்கிறது. ரத்த அழுத்தம் விழுந்து ஐசியுவில் கிடப்பவருக்கு அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இதயத் துடிப்பு வேகம் பிடிக்கும், அழுத்தம் ஏறும். ஆனால் பார்கின்சன் நோயாளிக்கு அதை எவ்வளவு ஏற்றினாலும் இறுகிய கை இளகாது. ரத்தத்தில் டோபமின் இருக்கும். ரத்தக்குழாய்க்கு வெளியே, மயிரிழையை விடக் குறைந்த தூரத்தில் இருக்கும் மூளைச் செல்லுக்கு அது போய்ச் சேராது.

இதைத் தடுப்பது எது என்று முதலில் பார்ப்போம். 1885-ல் ஜெர்மனியில் பவுல் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். உடம்பெல்லாம் நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார். அவரிடம் வேலை பார்த்த கோல்ட்மன் 1913-ல் அதே சோதனையைத் திருப்பிச் செய்தார். மூளையைச் சுற்றியிருக்கும் திரவத்தில் சாயத்தைச் செலுத்தினார். மூளை நன்றாகவே நிறமேறியது, உடம்பில் நிறம் இல்லை. ஆக, மூளைக்குச் சாயம் பிடிக்காமல் இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று மறிக்கிறது. அது இருக்கும் இடம் 1967-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெளிவாகத் தெரிந்தது: மூளைக்குள் ஓடும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரே அந்தத் தடுப்பு.

உடம்பின் மற்ற இடங்களில் இந்த நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்குகள் உண்டு. நீரில் கரைந்த மருந்து அந்த இடுக்கு வழியாகக் கசிந்து திசுவுக்குள் போய்விடும். மூளையில் அந்த இடுக்கு இல்லை. ஒரு செல்லின் விளிம்பும் அடுத்த செல்லின் விளிம்பும் புரதங்களால் இறுக்கித் தைக்கப்பட்டிருக்கின்றன. இதை மருத்துவர்கள் இறுக்கப் பிணைப்பு என்பார்கள். சுவருக்கு வெளிப்புறம் பெரிசைட் என்ற செல்கள் ஒட்டியிருக்கும். அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் செல்கள் தங்கள் பாதங்களைப் பரப்பிச் சுற்றிலும் மூடியிருக்கும். இந்த இரண்டும் உடன் இருந்தால்தான் சுவர் அப்படி இறுகி நிற்கும். சுவரின் தடிமன் என்னவோ ஒரு மைக்ரானுக்கும் குறைவுதான். ஆனால் பக்கவாட்டில் நுழைய வழி இல்லாததால், மூளைக்குள் போக வேண்டிய எதுவும் அந்தச் செல்லின் உடலுக்குள்ளேயே புகுந்து மறுபுறம் வெளிவந்தாக வேண்டும்.

அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். செல்லின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. ஆகவே கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு தானாகக் கரைந்து உள்ளே போகும். சாராயம், நிக்கோட்டின், மயக்க மருந்துகள், போட்டதும் தூக்கம் வரும் பழைய சளி மாத்திரை எல்லாம் இந்த வகை. கொழுப்பில் கரையாத, ஆனால் மூளைக்குக் கட்டாயம் வேண்டிய குளுக்கோஸ், அமினோ அமிலம் போன்றவற்றுக்கு அந்தச் சுவரிலேயே தனித்தனிக் கடத்திகள் இருக்கின்றன. தனக்குரிய பொருளைப் பிடித்து ஒரு புறத்திலிருந்து மறுபுறம் விடும் புரதங்கள் இவை. இதற்கு நேர்மாறாக, கரைந்து உள்ளே வந்த பொருளையும் பிடித்துத் திரும்ப ரத்தத்துக்குள் தள்ளும் பம்புகளும் உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபரமைடு அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. வழக்கமான அளவில் அது போதை தராமல் குடலோடு நிற்பதற்கு இந்தப் பம்பே முக்கியக் காரணம்.

இப்போது டோபமினுக்கு வருவோம். அதன் மூலக்கூறு எடை 153 டால்டன்தான். கொழுப்பு வழியே நுழைய ஏறக்குறைய 400, 500 வரை எல்லை என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் டோபமின் பொடியன். ஆனால் ரத்தத்தில் அது மின்னேற்றத்தோடு இருக்கிறது, நீரைத்தான் விரும்பும், கொழுப்பில் கரையாது. சுவரில் அதற்குக் கடத்தியும் கிடையாது. லெவோடோபா என்ற மருந்தின் எடை 197. டோபமினை விடப் பெரியது, அதுவும் கொழுப்பில் கரையாது. ஆனாலும் அது உள்ளே போகிறது. காரணம், லெவோடோபா ஓர் அமினோ அமிலம். லியூசின், ஃபினைல்அலனின் போன்ற அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்ல இருக்கும் கடத்தி இதையும் தன் சரக்காகவே எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் ஒரு நொதி அதன் வாலை நறுக்க, அது டோபமினாகிவிடுகிறது.

இந்த லெவோடோபாவுக்குச் சென்னையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து ஒரு பிரிட்டிஷ் இதழில் எழுதினார்கள். நம் ஊர் வேலிகளில் படர்ந்து, பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதே பூனைக்காலிதான். பார்கின்சனுக்கும் டோபமினுக்கும் தொடர்பு இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அது 1960-ல்தான் வியன்னாவில் தெரியவந்தது. 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் நோயாளிகளுக்கு டோபாவை வாய்வழியே மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தார். நகர முடியாதவர்கள் நடந்தார்கள். ஆனால் நாளுக்குப் பல கிராம் தேவைப்பட்டது, பலருக்கும் குமட்டலும் வாந்தியும் வந்தன.

அந்த வாலை நறுக்கும் நொதி மூளையில் மட்டும் இருப்பதல்ல. குடலில் இருக்கிறது, ஈரலில் இருக்கிறது, மூளை நுண்குழாய்ச் சுவருக்குள்ளேயேகூட இருக்கிறது. விழுங்கிய லெவோடோபாவில் பெரும்பகுதி வழியிலேயே டோபமினாகி, மூளைக்குள் நுழையும் தகுதியை இழந்துவிடுகிறது. இதற்குக் கண்டுபிடித்த மாற்று எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். கார்பிடோபா என்ற மருந்து அந்த நொதியை முடக்கும். ஆனால் கார்பிடோபா மூளைக்குள் போகாது. வெளியே இருக்கும் நொதி முடங்கிக் கிடக்க, உள்ளே இருக்கும் நொதி வழக்கம்போல் வேலை செய்கிறது. ஒரே மாத்திரைக்குள் மூளைக்குப் போகும் மருந்து ஒன்று, போகாமல் இருப்பதாலேயே பயன்படும் மருந்து ஒன்று. கார்பிடோபாவைச் சேர்த்ததும் லெவோடோபாவின் தேவை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வெளியே உள்ள நொதியை முழுதாக முடக்க நாளுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். 100 லெவோடோபாவோடு 10 கார்பிடோபா மட்டும் உள்ள மாத்திரையை மூன்று வேளை போட்டால் கார்பிடோபா 30-தான் ஆகிறது. அந்தச் சமயத்தில் குமட்டல் வந்தால், 25 உள்ள மாத்திரைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

குமட்டல் ஏன் வருகிறது என்பதிலும் இதே தடுப்புதான் கதை. வாந்தியைத் தூண்டும் மையம் மூளைத்தண்டின் பின்புறம் ஒரு சின்னத் திட்டாக இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் உடனே அறிய வேண்டும் என்பதால் அந்த இடத்தில் தடுப்பு இல்லை. ரத்தத்தில் மிதக்கும் டோபமின் நேராக அதைத் தொட்டுவிடும். இங்கேதான் மருந்துக் கடையில் தவறு நடக்கிறது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்தால் அது தடுப்பைக் கடந்து, மூளைக்குள்ளும் டோபமினின் வேலையை மறித்துவிடும். வாந்தி நிற்கும், நோயாளி மரக்கட்டையாகிவிடுவார். டோம்பெரிடோன் அநேகமாகத் தடுப்புக்கு வெளியேயே நின்று, அந்தத் திட்டில் மட்டும் வேலை செய்யும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதையும் கவனித்தே எழுதுவார்கள். தலைசுற்றலுக்கு வாங்கிப் போடும் சின்னரிசினும் மூளைக்குள் போய் டோபமினை மறிப்பதுதான். நடுக்கமும் மந்தமும் கூடிவிட்டன என்று வருபவரிடம், சமீபத்தில் வாந்திக்கோ தலைசுற்றலுக்கோ ஏதாவது போட்டாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

குலசேகரம் பக்கம் நெடுங்காலம் ரப்பர் பால்வெட்டு வேலை பார்த்த ஒரு பெரியவர். பட்டையில் தடத்தைச் சீவும்போது கத்தி உள்மரத்தைத் தொடக்கூடாது. அத்தனை பதமாகப் பழகிய கை அது. அவர் சொன்ன குறை இது: "காலம்பற போடுத மாத்திரை நல்லா பிடிக்கு. மத்தியானம் அதே மாத்திரைதான் போடுதேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்கு மக்கா. ரெண்டு மணிக்கு நான் கல்லு மாதிரி இருக்கேன்." மாத்திரை போலியோ என்றுகூட அவர் வீட்டில் சந்தேகப்பட்டார்கள்.

அவர் சாப்பாட்டைக் கேட்டால் விடை கிடைத்துவிடுகிறது. காலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும். மரச்சீனியில் புரதம் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம்கூட வராது. மத்தியானம் சோறும் சாளை மீன் குழம்பும், கூடவே பொரித்த மீனும். நூறு கிராம் மீனில் இருபது கிராம் அளவுக்குப் புரதம். அந்தப் புரதம் செரித்து அமினோ அமிலங்களாக ரத்தத்தில் பெருகும் நேரமும், சாப்பிட்டதும் போட்ட மாத்திரை ரத்தத்துக்கு வரும் நேரமும் ஒன்றே. மூளைச் சுவரில் இருக்கும் கடத்திகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. பள்ளி விடும் நேரத்துப் பேருந்தில் இடம் பிடிப்பதுபோல, கூட்டத்தில் லெவோடோபா வெளியே நின்றுவிடுகிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும்போதும் இதே போட்டி ஒரு முறை நடக்கிறது.

இது ஊகமல்ல. 1984-ல் நட் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, நோயாளிகளுக்கு லெவோடோபாவை நேரடியாக ரத்தத்தில் சீராக ஏற்றியது. வயிறும் குடலும் கணக்கிலேயே இல்லை. அவர்கள் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தபோது புரதம் மிகுந்த உணவையோ, லியூசின் போன்ற அமினோ அமிலங்களையோ கொடுத்தார்கள். ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு குறையவில்லை, ஆனால் நோயாளிகள் இறுகிப்போனார்கள். மருந்து ரத்தத்தில் இருக்கிறது, மூளைக்குள் ஏறவில்லை.

பெரியவருக்கு மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் தண்ணீரோடு போடச் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரை லெவோடோபாவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதை வேறு நேரத்துக்கு மாற்றினார். மீனை இரவுக்கு மாற்றச் சொன்னார். இரவில் கை இறுகினாலும் பெரிதாக நஷ்டமில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் இப்போது திண்ணையில் இருந்து எழுந்து நடக்கிறார். இந்தக் கோளாறு எல்லோருக்கும் வருவதில்லை. நோய் தொடங்கிய புதிதில், மூளையில் மீதமுள்ள செல்கள் டோபமினைச் சேமித்து வைத்துக்கொள்வதால், சாப்பாட்டு நேரம் பெரிதாகத் தெரியாது. ஆண்டுகள் போய், மாத்திரையின் வேகம் வேளைக்கு வேளை ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் தட்டில் இருக்கும் மீன் கணக்குக்கு வருகிறது. அப்போதும் புரதத்தை அடியோடு நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே மெலியும் நோய் இது, இன்னும் மெலிந்துவிடுவார்கள். பூனைக்காலிப் பொடியை யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையோடு சேர்த்துப் போடவும் கூடாது. அதில் இருப்பதும் லெவோடோபாதான், எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும். அளவு மிஞ்சினால் கை கால்கள் தாமாக நெளியத் தொடங்கும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.