பெயர் வரிசையைக் கேட்டு ஒரு மின்னஞ்சல்

ஒரு வேதியியல் ஆய்வகம். முனைவர் பட்ட மாணவி ஒருவர், கணினிக் கணக்கீடுகள் செய்துதந்த மூத்த ஆய்வாளர், நெறியாளர் என மூவர் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முக்கால் பங்கு முடிந்துவிட்டது. யார் பெயர் முதலில் வரும் என்று மட்டும் யாரும் பேசவில்லை. மாணவிக்குக் கேட்கத் தயக்கம். கேட்டால் சார் தப்பாக நினைப்பாரோ, பெயருக்கு அலைகிறாள் என்று தோன்றிவிடுமோ என்ற பயம்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டுக்கும் மேற்பட்டோர் எழுதிய கட்டுரைக்கு ஆய்வு மதிப்பெண் கணக்கிடும்போது, முதல் ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் 70 சதவீதம் கிடைக்கும். மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம்தான். பத்து மதிப்பெண் பெறும் கட்டுரை என்றால் ஒருவருக்கு ஏழு, இன்னொருவருக்கு மூன்று. பின்னாளில் இணைப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வித்தியாசம் நேரடியாகக் கணக்கில் ஏறும்.

வரிசையின் பொருளும் துறைக்குத் துறை மாறுகிறது. உயிரியல், வேதியியல் போன்ற சோதனைத் துறைகளில் பெரும்பாலும் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் முதலிலும், ஆய்வகத் தலைவர் கடைசியிலும் வருவார்கள். அங்கே கடைசி இடம் தாழ்ந்த இடமல்ல. கணிதத்திலோ அகர வரிசைதான் வழக்கம். அங்கே முதலில் நிற்பதற்குத் தனி மதிப்பு இல்லை. ஆகவே மாணவி முதலில் செய்ய வேண்டியது, தன் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த சில பழைய கட்டுரைகளை எடுத்து, மாணவர் பெயர்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது.

வரிசையோடு பட்டியலில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 1948 ஏப்ரல் 1 அன்று ‘ஃபிசிகல் ரிவ்யூ’ இதழில், தனிமங்கள் தோன்றிய விதம் குறித்து ஒரு கட்டுரை வெளியானது. ஆய்வு மாணவர் ரால்ஃப் ஆல்ஃபருடையது, நெறியாளர் ஜார்ஜ் காமாவ். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகள் போல ஒலிக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஆய்வில் பங்கே இல்லாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரை காமாவ் நடுவில் சேர்த்துவிட்டார். ஆல்ஃபர்தான் முதல் ஆசிரியர். ஆனாலும் இரண்டு பெரிய இயற்பியலாளர்களுக்கு நடுவில் தன் உழைப்பு கண்ணில் படாமல் போகும் என்று அவர் வருந்தினார். முதலிடம் கிடைத்தும் குறை தீரவில்லை.

இன்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த அளவுகோல் பல இதழ்களில் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன்படி ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு ஆகிய நான்கும் இருப்பவரே ஆசிரியர். நிதி வாங்கித் தந்ததற்காகவோ துறைத் தலைவர் என்பதற்காகவோ மட்டும் ஒருவர் பெயரைச் சேர்க்க இடமில்லை. அவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு.

இதையெல்லாம் மனதில் வைத்து மாணவி எழுதும் மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய சார், வணக்கம். கடைசி அளவீடுகள் நேற்று முடிந்தன. வரைவு எழுதத் தொடங்கும் முன் ஆசிரியர் பட்டியல் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மாதிரிகள் தயாரித்தது, அளவீடு ஆகியவை என்னுடையவை. முதல் வரைவையும் நானே எழுதுகிறேன். கணக்கீடுகள் முழுவதும் அண்ணன் செய்தவை. இந்த நிலையில் பெயர் வரிசை எப்படி அமையும், தொடர்பு ஆசிரியர் யார், வேறு யாரையும் சேர்க்கும் எண்ணம் உண்டா என்று சொன்னால் உதவியாக இருக்கும். உங்களுக்கு வசதியான நாளில் பத்து நிமிடம் நேரில் வந்து பேசுகிறேன்.”

இதில் ‘எனக்கு முதலிடம் வேண்டும்’ என்ற வாக்கியமே இல்லை. யார் என்ன செய்தார் என்பது இருக்கிறது. அதைப் படித்தாலே வரிசை தெரிந்துவிடும். மூத்தவரின் பங்கையும் குறைக்காமல் சொல்லியிருப்பதால், அவரே படித்தாலும் மனம் கோணாது.

நேரமும் முக்கியம். கட்டுரையை இதழுக்கு அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ இடம் மாற்றவோ வேண்டுமென்றால், பல இதழ்கள் எல்லா ஆசிரியர்களின் எழுத்துபூர்வ ஒப்புதலையும் கேட்கும். தகராறு வந்தால் இதழாசிரியர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், நிறுவனத்திடம் அனுப்பிவிடுவார். வரைவுக்கு முன் கேட்டால் ஒரு சந்திப்பில் முடிகிற விஷயம் இது.

நெறியாளர் வாய்மொழியாகப் பதில் சொல்லிவிட்டால், அன்று மாலையே ‘இன்று பேசியபடி வரிசை இது’ என்று மூவருக்கும் ஒரு சிறு அஞ்சல் அனுப்புவது நல்லது. மதிப்பீட்டாளர்கள் கூடுதல் சோதனை கேட்டு, அதை வேறொருவர் செய்ய நேர்ந்தால் வரிசை மாறலாம் என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இருவர் உழைப்பும் சமமாக அமைந்தால், பெயர்களுக்கு மேலே குறியிட்டு ‘சம பங்களிப்பு’ என்று அடிக்குறிப்பு தரப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன.