மதுரையைச் சொடுக்கினால் மதுரைக் கணக்கு வர வேண்டும்

நான்கு கிளைகள் கொண்ட ஒரு துணிக்கடை. ஏப்ரலில் 10 லட்சம், மே மாதம் 12, ஜூனில் 9 என்று மொத்தம் 31 லட்சத்துக்கு விற்பனை. அதில் மதுரைக் கிளையின் பங்கு 4, 5, 3, ஆக 12 லட்சம். பவர் பிஐ அறிக்கையில் கிளைக்கு ஒரு ஸ்லைசர், மாதத்துக்கு ஒரு ஸ்லைசர். முதலாளி மதுரையையும் ஜூனையும் தேர்ந்தெடுத்தால், நிதியாண்டுத் தொடக்கத்திலிருந்து சேர்ந்த தொகையாக 12 லட்சம் தெரிய வேண்டும். பல அறிக்கைகளில் 31 தெரியும்.

காரணம் பெரும்பாலும் `ALL(Sales)`. ஜூனைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஏப்ரல், மே கணக்கு வேண்டும் என்பதால், எழுதியவர் விற்பனை அட்டவணை மீதிருந்த எல்லாத் தேர்வுகளையும் நீக்கியிருப்பார். மாதத் தேர்வோடு மதுரையும் போய்விடும். நீக்க வேண்டியது தேதித் தேர்வை மட்டும்தான்.

அதற்குத் தனியாக ஒரு தேதி அட்டவணை வேண்டும். நாள் விடாமல், முழு ஆண்டுகளுக்கும் தேதிகள் இருக்க வேண்டும். விற்பனை அட்டவணையோடு இணைத்து, தேதி அட்டவணை என்று குறித்தும் வைக்க வேண்டும். பிறகு மெஷர் சிறியதுதான்:

```
Sales YTD =
CALCULATE(
    [Total Sales],
    DATESYTD('Date'[Date], "3-31")
)
```

`DATESYTD` தேர்வில் தெரியும் கடைசித் தேதியைப் பார்க்கும். ஜூன் என்றால் ஜூன் 30. அங்கிருந்து பின்னோக்கி நிதியாண்டின் முதல் நாள் வரையுள்ள தேதிகளைத் திரட்டித் தரும். ஆண்டு எந்த நாளில் முடிகிறது என்பதைச் சொல்வது `"3-31"`. அதை விட்டால் கணக்கு ஜனவரியில் தொடங்கிவிடும். `CALCULATE` தேதி அட்டவணை மீதிருந்த பழைய தேர்வை எடுத்துவிட்டு இந்தப் புதிய தேதிகளை வைக்கிறது. கிளைத் தேர்வைத் தொடுவதேயில்லை. எனவே 12 வருகிறது.

31-க்குப் பதில் 3 லட்சம் மட்டும் வந்தால் நோய் வேறு. சேர்ந்த தொகையும் அந்த மாதத் தொகையும் ஒன்றாக இருக்கிறது, அதாவது ஜூன் தேர்வு இன்னும் நீங்கவில்லை. மாத ஸ்லைசரை விற்பனை அட்டவணையின் மாத நெடுவரிசையிலிருந்து போட்டிருப்பார்கள். தேதி அட்டவணையின் மாதத்தை எடுத்துப் போட்டால் சரியாகும். அதுவும் சரியென்றால், தேதி அட்டவணை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். `20240630` போன்ற எண்ணை வைத்து இரண்டு அட்டவணைகளையும் இணைத்திருந்தால், குறிக்காமல் விட்டதும் இதே தவறைத் தரும்.

இந்த மெஷருக்கும் ஓர் எல்லை உண்டு. சனிக்கிழமை விற்பனையை மட்டும் பார்க்க ஒருவர் கிழமைக்கு ஸ்லைசர் வைத்தால், கிழமையும் தேதி அட்டவணையில் இருப்பதால் அந்தத் தேர்வும் அடிபட்டு எல்லா நாளும் கூடிவிடும். `DATESYTD` வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டு `VALUES('Date'[Weekday])` என்று சேர்த்தால், கிழமைத் தேர்வு மீண்டும் நிற்கும்.