உங்களுக்குத் தெரியுமா? ரூ.10,000 இருந்தால் அரசுக்கே கடன் கொடுக்கலாம்

வங்கிகள் கோடிகளில் பங்கேற்கும் அரசுக் கடன் பத்திர ஏலத்தில் சிறு சேமிப்பாளரும் ரூ.10,000-க்குப் பத்திரம் வாங்கலாம். இடைத்தரகர் இல்லை, கணக்குத் தொடங்கக் கட்டணமும் இல்லை. 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ திட்டம் இதற்கு வழி செய்தது.

• ஏல விலையைக் கணக்குப் போடத் தேவையில்லை. தொகையை மட்டும் குறிப்பிட்டால் போதும். பெரிய நிறுவனங்கள் கேட்ட விலைகளின் சராசரியிலேயே பத்திரம் ஒதுக்கப்படும்.

• வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ரூ.5 லட்சம் வரைதான். அரசுப் பத்திரத்தில் முழுத் தொகைக்கும் அரசே பொறுப்பு.

• டெபாசிட்டை முன்கூட்டியே முடித்தால் பொதுவாக வட்டிதான் குறையும், அசல் குறையாது. பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருந்தால் அசல் முழுதாகத் திரும்பும். இடையில் வேண்டுமென்றால் சந்தையில் விற்க வேண்டும். 7% வட்டியில் ரூ.10,000-க்கு வாங்கிய பத்தாண்டுப் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரூ.350 தரும். வாங்கிய கையோடு சந்தை வட்டி 8% ஆக ஏறினால் அதன் விலை சுமார் ரூ.9,320-க்கு இறங்கிவிடும். சிறு தொகைக்கு வாங்க ஆள் கிடைப்பதும் சில நாள் கடினம்.

• அந்த ரூ.350 கைக்கு வந்துவிடும். டெபாசிட்டைப் போல வட்டிக்கு வட்டி தானாகச் சேராது.

• ஓராண்டுக்குள் பணம் தேவைப்படுவோருக்கு 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்கள் பொருந்தும். இவற்றுக்குத் தனி வட்டி கிடையாது. முகமதிப்பைவிடக் குறைந்த விலையில் வாங்கி, முதிர்வில் முழு மதிப்பைப் பெறலாம்.